எமோஜிக்கு ஒரே சொல் போதுமா? வங்கி அறிவிப்பும் பிரத்தியேக வகுப்பு விளம்பரமும்

பிரிக்பீல்ட்ஸ், மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். சிறு வணிகர்கள் சமூக ஊடகத்தில் எப்படி எழுதலாம் என்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்குகிறேன். ஒரு வங்கியையும் ஒரு பிரத்தியேக வகுப்பு மையத்தையும் அது ஒப்பிடுகிறது. எமோஜிக்குப் பலர் 'உணர்ச்சிச்சின்னம்' என்கிறார்கள். 📍 இடத்தைக் காட்டுகிறது, 📅 நாளைக் காட்டுகிறது. இவற்றில் உணர்ச்சி எங்கே? வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல், ஓய்வுபெற்ற ஆசிரியர்

'எமோஷன்' என்பதிலிருந்து வந்ததுதானே எமோஜி? உணர்ச்சிச்சின்னம் சரியான சொல்தான். அப்புறம், வங்கி அறிவிப்பில் இவை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பணம் போட்டவனிடம் பொம்மை காட்டுவதா?

ஜார்ஜ் டவுன், குறுஞ்செய்தி மென்பொருள் செய்பவர்

ஐயா, ஒலி ஒத்துப்போகிறது, வேர் வேறு. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. எமோஷனிலிருந்து வந்தது இமோட்டிகான், அதாவது புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்த்துப் போடும் பழைய சிரிப்பு முகம். அதனால் எமோஜிக்கு 'உருவெழுத்து' என்பது என் பரிந்துரை.

வங்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி, காரணம்தான் வேறு. மலாயில் எழுதும் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். ஒரே ஓர் உருவெழுத்தைச் சேர்த்தாலும் செய்தி முழுவதும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, 70 எழுத்துதான் அடங்கும். நீண்ட செய்தியைத் துண்டாக்கும்போது துண்டுக்கு 67. ஆக, ஒன்றாகப் போயிருக்க வேண்டிய 150 எழுத்துச் செய்தி மூன்று துண்டாகிறது. ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பும் வங்கிக்கு இது செலவு. தமிழ்ச் செய்திக்கு வழக்கமாகவே 70தான் என்பதால் அங்கே இந்த இழப்பு இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் மோசடி. 🚨, 🎁 போட்டு 'உங்கள் கணக்கு முடங்கும்' என்று வரும் போலிச் செய்திகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வங்கியும் அதே 🚨 போட்டால் வாடிக்கையாளர் எதை நம்புவார்? தீபாவளி வாழ்த்தில் ஒரு 🪔 இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த விளக்கு 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. பழைய கைப்பேசியில் வெறும் கட்டமாகத் தெரியும்.

பட்டர்வொர்த், வகுப்பு மையம் நடத்துபவர்

சொல் எதுவானாலும் சரி, என் கதையைக் கேளுங்கள். புலனத்தில் பெற்றோர் குழுவில் இப்படிப் போட்டேன்:

🔥🔥 எஸ்.பி.எம். கணிதம் 💯✨ தொடங்குகிறது 🎉🎉 சனி ⏰ 8 💰 120 😍

எல்லாம் எழுதியிருந்தும் காலையா இரவா, கட்டணம் எவ்வளவு என்றே ஆளாளுக்குக் கேட்டார்கள். உருவெழுத்தைக் குறைக்க வேண்டுமா?

ஜார்ஜ் டவுன்

எண்ணிக்கையைவிட வேலைதான் முக்கியம், அக்கா. ⏰ நேரம் என்று சொல்கிறது, காலை என்று சொல்லவில்லை. 💰 பணம் என்கிறது, மாதத்துக்கா பாடத்துக்கா என்று சொல்லவில்லை. சொல்லின் இடத்தைப் படம் பிடித்துக்கொண்டது. பார்வையற்ற பெற்றோரின் கைப்பேசி இதை வாசித்தால் நெருப்பு, நெருப்பு என்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்கே வரும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

எஸ்.பி.எம். கணிதம், படிவம் 5
📅 சனிக்கிழமை காலை 8 முதல் 10 வரை
💰 மாதம் 120 ரிங்கிட்
சேர விரும்புவோர் புலனத்தில் எழுதுங்கள் 😊

படங்களை எல்லாம் அழித்துவிட்டுப் படியுங்கள். ஒரு தகவலும் குறையவில்லை என்றால் பதிவு சரி. 📅, 💰 இரண்டும் வரியைத் தேடும் கண்ணுக்கு உதவுகின்றன. கடைசிச் சிரிப்பு உங்கள் குரல். வகுப்பு மையத்துக்கு அது பொருந்தும், பெற்றோர் உங்களை முகம் தெரிந்து பழகுகிறவர்கள். பணப் பரிமாற்றம் தடைபட்டது என்று சொல்லும் வங்கிச் செய்தியில் அதே சிரிப்பு எரிச்சலைத்தான் கிளப்பும்.

ஆகவே கையேட்டில் உருவெழுத்து என்ற பொதுச்சொல்லின் கீழ் இரண்டு வகை வேண்டும். வழி காட்டுபவை 'சுட்டுரு', மனநிலை காட்டுபவை 'உணர்வுரு'.

செந்தூல்

தம்பி, வேரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கணினியில் மவுஸைச் 'சுட்டி' என்று பழகிவிட்டோமே, சுட்டுரு என்றால் திரையில் நகரும் அம்பு என்று நினைப்பார்கள். உணர்வுருவுக்குப் பதிலாக நம் இலக்கணத்தின் 'மெய்ப்பாடு' இருக்கிறது. உள்ளத்தில் உள்ளது உடலில் தெரிவது அது. 😊க்கு அப்படியே பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸ்

😊க்குப் பொருந்தும் ஐயா, 🎉க்கும் 🔥க்கும் உடல் இல்லையே. அதனால் உருவெழுத்து, உணர்வுரு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். சுட்டுருவை நிறுத்தி வைக்கிறேன். 'வழியுரு' என்றால் புரியுமா?

பட்டர்வொர்த்

எனக்குப் புரியவில்லை. 'குறிப்புப் படம்' என்றால் உடனே புரியும்.