எக்ஸ்ட்ராக்டருக்குத் தமிழில் என்ன சொல்வது? (புகார்க் கடிதம், வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

தேன்மொழி:
குழுவினருக்கு வணக்கம். கம்ப்ரஸர் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவருக்காக ஹார்டுவேர் கடைக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் வாயால் சொன்னது இது:

"எட்டு எம்.எம். அலன் போல்ட், தலை போயிடுச்சு. நாலு எம்.எம். கோபால்ட் டிரில்ல நடுவுல ஓட்டை போட்டு, உங்க செட்டுல மூணாம் நம்பர் எக்ஸ்ட்ராக்டரை டேப் ஹேண்டில்ல மாட்டித் திருப்பினேன். ஹார்டு போல்ட்டு. பிட்டு உள்ளயே ஒடிஞ்சு நின்னுடுச்சு. டப்பாவுல 'எல்லா போல்ட்டுக்கும்' னு போட்டிருக்கு."

கடைக்காரர் இதை மொத்த வியாபாரிக்கு அனுப்புவாராம். அதனால் நல்ல தமிழில் வேண்டும். ஒடிந்த போல்ட்டைக் கழற்றும் கருவியான 'எக்ஸ்ட்ராக்டர்', அது ஒடிந்து உள்ளே நிற்கும் துண்டு, 'ஹார்டு போல்ட்டு' மூன்றுக்கும் சொல் கொடுங்கள்.

வளவன்:
கருவிக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். காலில் தைத்த முள்ளை எடுப்பதை 'முள்வாங்கி' என்கிறோம். அதே வழியில் 'ஆணிவாங்கி'. இன்று 'வாங்கு' என்றால் கடையில் காசு கொடுப்பதுதான் நினைவுக்கு வரும், ஆனால் இழுத்தல், வளைத்தல் என்ற பொருள்கள் பழையவை. வில்லை வாங்கினான் என்றால் விலைக்கு அல்ல. இந்தக் கருவியின் புரியும் இடப்பக்கம் சுற்றுவது, ஆகவே முழுப்பெயர் 'இடம்புரி ஆணிவாங்கி'. சங்கை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

கமலா:
பலகையில் அடித்த ஆணியைப் பிடுங்க ஆணிபிடுங்கி என்று கொல்லரிடம் எப்போதும் உண்டே? சுத்தியலின் பின்பக்கமே போதும். இதற்கு எதற்கு ஒரு செட்?

சேகர்:
அம்மா, இது அடித்த ஆணி இல்லை, புரி போட்ட போல்ட். தலை ஒடிந்து உடல் மட்டும் துளைக்குள் தங்கிவிட்டால், நடுவில் துளையிட்டு, அதில் கூம்பான இந்தக் கருவியை இடப்பக்கம் திருப்புவார்கள். திருப்பத் திருப்ப அது உள்ளே கவ்வி, போல்ட்டைக் கழற்றும் திசையிலேயே சுழற்றும்.

தேன்மொழி, சொல்லுக்கு முன் ஒன்று: 'ஹார்டு போல்ட்' என்று அவர் சொன்னது எதை? இறுகிப்போன போல்ட்டையா, கெட்டியான எஃகுப் போல்ட்டையா? கடிதத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. அலன் போல்ட்டின் தலையில் பெரும்பாலும் 12.9 என்று பொறித்திருக்கும். 12 என்பது சதுர மி.மீட்டருக்கு 1200 நியூட்டன் இழுவலிமை, 9 என்பது அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. அந்த ஒடிந்த தலை இன்னும் இருந்தால் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'இறுகிய' என்று எழுதினால் கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "எண்ணெய் விட்டீங்களா, சூடு பண்ணீங்களா?" அதற்கு மெக்கானிக்கிடம் பதில் இருக்க வேண்டும். புரியில் வலுவான பூட்டுப்பசை தடவியிருந்தால் சூடு காட்டாமல் அது இளகாது.

வளவன்:
கெட்டியானது என்றால் குறள் 879 கை கொடுக்கிறது: "களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து". முள்மரம் முற்றி வயிரம் ஏறிவிட்டால் வெட்ட வருபவன் கையையே பதம் பார்க்கும். காழ் என்பது மரத்தின் வயிரம். 'காழ்ப்பு' என்று பகையைச் சொல்வதும் இங்கிருந்துதான். எனவே 'காழ்த்த திருகாணி'. களையப் போன கருவியே ஒடிந்தது என்பதால் குறளே புகார்க் கடிதம் மாதிரி இருக்கிறது!

ரஹீம்:
ஐயா, குறள் அழகுதான். ஆனா ஹார்டுவேர் கடையில 'காழ்த்த திருகாணி'ன்னா மர வேலைக்கான ஸ்க்ரூவை எடுத்து நீட்டுவாங்க. இரும்பைக் காய்ச்சி முக்கிக் கெட்டியாக்கறதுக்குக் கொல்லுப்பட்டறையில இருக்கற சொல்லே போதும், 'தோய்ச்சல் ஏத்தின போல்ட்'. அப்புறம் ஒடிஞ்ச துண்டுக்கு இவ்வளவு கவலை எதுக்கு? நல்ல கோபால்ட் டிரில் எடுத்து அதையும் ஓட்டை போட்டா வந்துடும்.

சேகர்:
தோய்ச்சலுக்கு என் ஓட்டு. டிரில் பேச்சு மட்டும் பாதி சரி. போல்ட்டை கோபால்ட் டிரில் ஏறும், எக்ஸ்ட்ராக்டரை ஏறாது. அது போல்ட்டைவிடக் கடினம், அதனாலேயே வளையாமல் ஒடிகிறது. அதன் மேல் டிரிலை வைத்தால் முனை மழுங்கும், இல்லை பக்கத்தில் நழுவித் துளையின் புரியைக் கெடுக்கும். கார்பைடு கட்டரால் மெல்லக் குடையலாம், அல்லது மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மெஷினுக்கு அனுப்ப வேண்டும்.

ஏன் ஒடிந்தது என்பதையும் கேளுங்கள். ஒரு கம்பி தாங்கும் முறுக்கு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் தாங்கும் முறுக்கு எட்டில் ஒரு பங்குதான். எட்டு மி.மீ. போல்ட்டையே ஒடித்த பிடிமானத்தை, அதற்குள் நுழையும் மெல்லிய கருவி கழற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போதாததற்குக் கூம்பு உள்ளே இறங்க இறங்க போல்ட்டை வெளிப்பக்கம் விரித்து இன்னும் இறுக்கும். ஆகவே 'ஒடிந்தது, தரம் மோசம்' என்று எழுதினால் நிற்காது. டப்பாவில் 'எல்லா போல்ட்டுக்கும்' என்று அச்சிட்டதைப் பிடிக்க வேண்டும்.

ஒடிந்த பிடித் துண்டையும் பில்லோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். முறிவு சாய்ந்து சுருளாக இருந்தால் பெரும்பாலும் முறுக்கில் போனது, மெக்கானிக் பக்கம் நியாயம். குறுக்கே தட்டையாக வெட்டினதுபோல் இருந்தால், ஒரு பக்கமாக ஸ்பேனர் போட்டு வளைத்தாரோ என்று கேட்பார்கள். அவர் இருபுறமும் பிடிக்கும் டேப் ஹேண்டில் போட்டதாகச் சொன்னது நல்லது, அதை விடாமல் எழுதுங்கள்.

கமலா:
இப்போது புரிந்தது. என் மகனுடைய பைக்கில் சைலன்ஸர் ஸ்டட் இப்படித்தான் ஒடிந்தது. வெல்டர் மேலே ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, ஆறவிட்டு, ஸ்பேனரால் கழற்றிவிட்டார். செட்டே தேவைப்படவில்லை.

சேகர்:
கொஞ்சமாவது வெளியே நீட்டியிருந்தால் அதுதான் சிறந்த வழி, சூடும் உதவும். இவருக்கு எக்ஸ்ட்ராக்டரே துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

தேன்மொழி:
மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டேன். தலை கிடைத்தது, 12.9 தான். எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்திருக்கிறார், சூடு காட்டவில்லை. முறிவு சுருளாக இருக்கிறது. வரைவு:

"தங்கள் கடையில் வாங்கிய ஐந்து உருப்படி எக்ஸ்ட்ராக்டர் செட்டில் (ஆணிவாங்கி) மூன்றாம் எண், 12.9 தரத் தோய்ச்சல் ஏற்றிய எட்டு மி.மீ. அலன் போல்ட்டில் ஒடிந்து, முனைத் துண்டு உள்ளே தங்கிவிட்டது. 4 மி.மீ. துளையிட்டு, டேப் ஹேண்டிலால் திருப்பினேன். 'எல்லா போல்ட்டுகளுக்கும்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கினேன். செட்டின் விலையையும், துண்டை எடுக்க ஆகும் ஸ்பார்க் கூலியையும் தரக் கோருகிறேன். பில், பெட்டி, ஒடிந்த பகுதி இணைப்பு."

ரஹீம்:
சூடு காட்டலன்னு நீங்களா எழுத வேணாம், கேட்டா சொல்லலாம். ஸ்பார்க் கூலி தருவாங்களான்னு சந்தேகம், கேட்டு வைங்க. அடைப்புக்குறிக்குள்ள ஆணிவாங்கி எதுக்கு? கடைக்காரர் "என்ன வாங்கணும்"னு கேப்பார்.

வளவன்:
அடைப்புக்குறியிலாவது இருக்கட்டும், ரஹீம். நாளைக்கு ஐ.டி.ஐ. பாடத்துக்கும் இந்தச் சொல் தேவைப்படும். ஆனால் 'முனைத் துண்டு' தட்டையாக இருக்கிறது. 'முறிமுனை' என்று போடலாமே.

சேகர்:
முனைத் துண்டே இருக்கட்டும். ஐ.டி.ஐ. பையன்களிடம் 'ஆணிவாங்கி' என்றால் கமலா அம்மா சொன்ன ஆணிபிடுங்கியைத்தான் கொண்டுவருவார்கள். 'திருகுவாங்கி' என்றால் ஓரளவு ஒப்புக்கொள்வேன்.

தேன்மொழி:
நேரமாகிவிட்டது. எக்ஸ்ட்ராக்டர், தோய்ச்சல் ஏற்றிய போல்ட், முனைத் துண்டு என்றே அனுப்புகிறேன். அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன், மன்னிக்கவும் வளவன் ஐயா.

வளவன்:
அனுப்புங்கள் அம்மா. 'திருகுவாங்கி'க்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். திருகு என்பது சுழற்றும் செயல். வெளியே வர வேண்டியது திருகாணி.