ஓவரால் 7.5 வந்தும் ரீடிங்கில் நின்றுபோனது

காட்பாடி நர்ஸ்: யுகே நர்ஸிங் பதிவுக்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதினேன். லிசனிங் 8.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 8. ஓவரால் 7.5. வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். ஏஜென்ட் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரீடிங் போச்சு மேடம்" என்றார். இன்னொரு தடவை நாலையும் எழுதணுமா?

ராணிப்பேட்டை: எனக்கும் இதே கதைதான். கனடாவுக்கு ஜெனரல் எழுதினேன். ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றும் 7க்கு மேல். ஆனால் கனடாவின் மொழி அளவுகோலான சிஎல்பியில் 9 வர லிசனிங் மட்டும் 8 வேண்டும். எனக்கு 7.5. தோல் ஷிப்ட் முடிந்து வந்து தினமும் லிசனிங் கேட்டதுதான் மிச்சம்.

சத்துவாச்சாரி அக்கா: தம்பி, உங்களுடையது பாயிண்ட் கணக்கு, சிஸ்டருடையது வாசலே திறக்காத கணக்கு. யுகேயில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில் தலா 7 கேட்கிறது. ரைட்டிங்கில் 6.5 போதும். சிஸ்டர், நாலையும் கூட்டினால் 29.5, சராசரி 7.375. அது பக்கத்து அரைக்கு ஏறி 7.5 ஆகிவிட்டது. லிசனிங்கின் 8.5 ரீடிங்கின் குறையை மூடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ரீடிங்கில் 40க்கு 30 அளவில் சரியாக இருந்தால் 7 வரும். உங்களுக்கு ஒன்றிரண்டு கேள்விதான் போயிருக்கும்.

குடியாத்தம்: அப்போ ரீவேல்யுவேஷன் போடுங்க. இல்லையென்றால் ரீடிங் மட்டும் திரும்ப எழுதலாம், அந்த வசதி வந்துவிட்டது.

சத்துவாச்சாரி அக்கா: ரீவேல்யுவேஷன் ஆள் மதிப்பிடும் ரைட்டிங், ஸ்பீக்கிங்குக்கு உதவலாம். ரீடிங் விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவது, மார்க் அசைவது அபூர்வம். ஒரு பகுதியை மட்டும் எழுதுவது கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்குத்தான், 60 நாளுக்குள். அந்த ரிப்போர்ட்டை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை, பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். என்எம்சிக்கு வேறு வழியும் உண்டு: 12 மாதத்துக்குள் நாலு பகுதியும் இரண்டு முறை எழுதி, இரண்டையும் சேர்க்கலாம். ஆனால் இரண்டு முறையுமே ரைட்டிங் 6க்கும், மற்றவை 6.5க்கும் கீழே இறங்கக்கூடாது. ரீடிங்கையே படித்துக்கொண்டு ரைட்டிங்கை விட்டுவிடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

காட்பாடி நர்ஸ்: மறுபடி எழுதியாச்சு அக்கா. லிசனிங் 7, ரீடிங் 7.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 7.

சத்துவாச்சாரி அக்கா: ரைட்டிங் 5.5 ஆகியிருந்தால் முதல் ரிப்போர்ட்டின் 6.5 கூட உதவியிருக்காது. தப்பித்தீர்கள். ரீடிங் இதிலிருந்து, ரைட்டிங் அதிலிருந்து.

குடியாத்தம்: என் தங்கை மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு ஓஇடி எழுதி, ரைட்டிங்கான லெட்டரில் 290 வாங்கியிருக்கிறாள். அதையும் அவளுடைய பழைய ஐஇஎல்டிஎஸ்ஸையும் சேர்க்கலாமா?

சத்துவாச்சாரி அக்கா: கலக்க முடியாது, ஓஇடியோடு ஓஇடிதான். லெட்டருக்கு 300 வேண்டும், 290 என்றால் சி கிரேடு. சேர்க்கும்போது அந்த சி போதும். மற்ற மூன்றில் என்ன வாங்கினாள், அதைச் சொல்லுங்க முதலில்.