காப்பர் சல்பேட்டில் நீர் மூலக்கூறு 5 வரமாட்டேங்குது

CuSO₄·xH₂O-வில் x கண்டுபிடிக்கணும். மூன்று நாளா 4.3 தாண்டலை.

மூசையில் 2.50 கிராம் நீலப் படிகம் எடுத்து, மெல்லிய தீயில் பத்து நிமிஷம் சூடாக்கினேன். மிச்சம் 1.68 கிராம், போன நீர் 0.82. நீர் 0.82/18 = 0.0456 மோல், உப்பு 1.68/159.6 = 0.0105 மோல். வகுத்தால் 4.33. மறுபடி சூடாக்கியும் அதே எடை.

தீயைக் கூட்டினால் ஓரம் கறுத்து x 5.6 ஆனது, சல்பேட்டே சிதைந்திருக்கும், அதனால் அதை விட்டுட்டேன்.

ஒன்று உறுத்துது: மூசையைத் திறந்தே ஆறவிட்டேன். வெள்ளைத் தூளின் மேல்பரப்பு எடை போடும்போது லேசா நீலம். டெசிக்கேட்டர் இல்லை.

ஐந்தாவது மூலக்கூறு 200 டிகிரிக்கு மேல்தான் போகுமாமே. என் குறைவுக்குக் காரணம் அது வெளியேறாததா, ஆறும்போது ஈரம் திரும்பியதா, எப்படிப் பிரித்தறிவது?