சீட்டு போட்ட நேரம், டாக்டர் பார்த்த நேரம்: ஓ.பி. கூட்டம் எங்கே தேங்குகிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ராயபுரம் ரெக்கார்டு செக்‌ஷன்

ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை. சர்க்கரை ஓ.பி.யில் கூட்டம் தாங்கவில்லை என்று போன மாதம் சீட்டு போட இரண்டாவது கவுன்ட்டர் திறந்தார்கள். மாதக் கடைசியில் கணக்கெடுத்தால், சீட்டு போட்டதிலிருந்து டாக்டரைப் பார்க்கும் வரை ஆகும் நேரம் முன்பைவிடக் கூடியிருந்தது. எல்லோரும் கவுன்ட்டரில் உட்காரும் பெண்களைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமைப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நம்மிடம் இருப்பது இரண்டே நேரங்கள். ஒன்று சீட்டு அச்சான நேரம், இன்னொன்று டாக்டர் கம்ப்யூட்டரில் நோயாளியின் பெயரைத் திறந்த நேரம். அன்று வந்தவர்கள் 125 பேர். 7.30 முதல் 8.30 வரை 45 பேர், அடுத்த ஒரு மணி நேரத்தில் 40, அப்புறம் 25, கடைசியில் 15. ஆனால் முதல் பெயர் திறந்ததே 9.10க்கு. டாக்டர்கள் வார்டு ரவுண்ட்ஸ் முடித்துத்தான் கீழே வருவார்கள். அதற்குள் 72 பேர் சீட்டோடு காத்திருந்தார்கள்.

9.10லிருந்து 1.20 வரை, 250 நிமிடத்தில் இரண்டு டாக்டர்களும் 125 பேரைப் பார்த்து முடித்தார்கள். ஒரு டாக்டருக்கு ஆளுக்குச் சராசரி நான்கு நிமிடம், இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று வைத்தால், 9.30க்குச் சீட்டு வாங்கிய 85வது ஆள் உள்ளே போகும்போது மணி 12. இரண்டரை மணி நேரம்! நடுவில் வரிசை ஒரு தடவைகூடக் காலியாகவில்லை. அதனால் காலையில் போன நேரம் கடைசி ஆள் வரைக்கும் அப்படியே போய்ச் சேர்கிறது. 8 மணிக்கே தொடங்கியிருந்தால் 125 பேருக்கும் ஆளுக்கு 70 நிமிடம் மிச்சம்.

கவுன்ட்டர் விஷயமும் இதில்தான் புரிந்தது. முன்பு சீட்டுக்காக வெளியே நின்ற நேரம் எந்தப் பதிவிலும் கிடையாது. இப்போது சீட்டு சீக்கிரம் கிடைப்பதால் அதே காத்திருப்பு கணக்குக்குள் வந்துவிட்டது.

திருவொற்றியூர் எக்ஸெல்

இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? டாக்டர் பற்றாக்குறை, அவ்வளவுதான். மூன்றாவது டாக்டரைப் போட்டால் 12 மணிக்கெல்லாம் முடிந்துவிடும்.

ராயபுரம் ரெக்கார்டு செக்‌ஷன்

12 மணிக்கு முடியும், அது சரி. 11.30க்கு வருபவருக்கு நல்லதுதான். ஆனால் அந்த மூன்றாவது டாக்டரும் 9.10க்கு வந்தால், 7.30க்கு வந்த முதல் ஆள் அதே 100 நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

வியாசர்பாடி மகள்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாதாமாதம் போகிறேன். எங்களைச் சீக்கிரம் வர வேண்டாம் என்கிறீர்களா? வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. ஒன்பது மணிக்கு வந்தால் அம்மா எப்போது சாப்பிடுவார்? போன தடவை டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கை நடுங்க உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் வந்ததும் திரும்ப டாக்டரிடம் நின்றோமே, அந்த இரண்டாவது வரிசை உங்கள் கணக்கில் இருக்கிறதா?

ராயபுரம் ரெக்கார்டு செக்‌ஷன்

வர வேண்டாம் என்று சொல்லவே இல்லை அக்கா. அந்த இரண்டாவது வரிசை பதிவில் இல்லை. பெயரை முதலில் திறந்த நேரம் மட்டும்தான் பதிவாகிறது.

பெரம்பூர் பழைய சிஸ்டம்ஸ் ஆள்

இரண்டு மருத்துவமனைகளில் இந்த வேலை பார்த்திருக்கிறேன். 9.10ஐ உடனே நம்பிவிடாதீர்கள். சில டாக்டர்கள் முதலில் நோட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எல்லாப் பெயரையும் மொத்தமாகத் திறப்பார்கள். அப்போது பதிவில் தெரிவது டாக்டர் வந்த நேரம் அல்ல, கம்ப்யூட்டர் வந்த நேரம். அறைவாரியாகப் பிரித்து, பெயர் திறந்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். அந்த நேரம் C பத்தியில் இருந்தால், பக்கத்தில் இதைப் போட்டு இழுங்கள். அந்தப் பத்தியின் ஃபார்மேட்டை General என்று வைத்தால் இடைவெளி நிமிடத்தில் வரும்.

```
=(C3-C2)*1440
```

மூன்று, ஐந்து, நான்கு என்று வந்தால் உண்மையான பார்வை. அரை நிமிடத்துக்கும் குறைவாக வரிசையாக வந்தால் மொத்தமாகத் திறந்தது. இன்னொன்று, சீட்டுக்கு முன்பே டாக்டர் பார்த்ததாகச் சில பெயர்கள் வரும். அவசரத்துக்கு முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சீட்டு போட்டிருப்பார்கள், இல்லையென்றால் இரண்டு கம்ப்யூட்டரில் கடிகாரம் வேறாக ஓடும். எது என்று பார்க்காமல் அழித்துவிடாதீர்கள். எல்லாப் பெயரிலும் ஒரே அளவு விலகல் இருந்தால் கடிகாரம்தான்.

திருவொற்றியூர் எக்ஸெல்

அப்போ சராசரி நான்கு நிமிடம் என்பதும் பொய்யாகலாமே?

பெரம்பூர் பழைய சிஸ்டம்ஸ் ஆள்

முடிந்த நேரமும் ஆள் கணக்கும் சரி. தொடங்கிய நேரம் தப்பானால் சராசரியும் தப்பு. முன்னாடியே தொடங்கியிருந்தால் ஓர் ஆளுக்கு ஆன நேரம் நான்கு நிமிடத்தைவிடக் கூடுதல்.

ராயபுரம் ரெக்கார்டு செக்‌ஷன்

போட்டுப் பார்த்தேன் சார். முதல் அறையில் 9.10லிருந்தே மூன்று, நான்கு, ஐந்து என்றுதான் வருகிறது. இரண்டாவது அறையில் 9.10க்கு ஒரே நிமிடத்துக்குள் ஆறு பெயர்கள். அங்கே டாக்டர் 8.45 வாக்கிலேயே வந்திருக்கலாம். அவர்மீது நான் தாமதம் எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தப்பு! வரும் திங்கட்கிழமை 7 மணிக்கே அந்த அறை வாசலில் கையில் நோட்டோடு உட்காரப் போகிறேன். ரிப்போர்ட்டோடு திரும்பி வருபவர்களையும் குறித்துக்கொள்கிறேன்.