புதுப்பிப்பு: சரிவில் நிற்கும் காரில் ஆயில் அளவு

என் பழைய கேள்வி: "குன்னூரில் வீட்டு வாசல் சரிவு. காலையில் டிப்ஸ்டிக் கீழ்க்கோட்டுக்கும் கீழே காட்டுகிறது. ஒரு லிட்டர் ஊற்றிவிடலாமா?"

ஊற்றவில்லை. "முதலில் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள்" என்று மெக்கானிக் அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். பெட்ரோல் பங்கின் சமதளத்தில் எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் குச்சியைத் துடைத்து, முழுவதும் செருகி எடுத்தேன். இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றது. சரிவில் ஆயில் தொட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. காரைத் திருப்பி நிறுத்தினால் அதே ஆயில் கூடுதலாகத் தெரியும். கோடுகளின் இடைவெளியே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். நான் ஊற்றியிருந்தால் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரைக்க வைத்திருக்கலாம்.

"குளிர்ந்த எஞ்சினில் மட்டுமே பார்க்க வேண்டும்" என்றவர் சொன்னது பாதி சரி. அணைத்தவுடன் பார்த்தால், எஞ்சின் ஓடும்போது மேலே ஏறிய ஆயில் இறங்கியிராது, குறைவாகக் காட்டும். இறங்கிய பிறகு, சூட்டில் விரிந்திருப்பதால் சற்றே கூடுதலாகத் தெரியும். என் காரின் கையேடு சூடான எஞ்சினையே கேட்கிறது. வேறு கார்களில் மாறலாம்.



குச்சியின் இரு பக்கமும் வேறுபட்டால் கீழ் அளவை எடுக்கச் சொன்னார் அண்ணன். இன்னொருவர் மீண்டும் துடைத்துப் பார்க்கச் சொல்கிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.