மறு: ‘பிளேஸ்ஹோல்டர்’ – தமிழில் என்ன எழுதுவது? வெள்ளிக்குள் வேண்டும்

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர்களுக்காக நாலு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பவர்பாயிண்ட்டில் செய்த பாடத்தைப் பள்ளி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினியில், லிப்ரெஆபிஸ் இம்பிரெஸ்ஸில் திறக்கும்போது எது கலைகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

புது ஸ்லைடு போட்டதும் `Click to add title` என்று புள்ளிக்கோடு போட்ட பெட்டி வருமே, அதற்கு என்ன பெயர்? நான் ‘கட்டம்’ என்று எழுதியிருந்தேன். என் இதயப் பாடத்தில் 22 ஸ்லைடு. 9-இல் அந்தப் பெட்டிக்குள்ளேயே தட்டச்சு செய்திருக்கிறேன். மற்ற 13-இல் `Text Box` எடுத்து நானே வரைந்து எழுதியிருக்கிறேன். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் கையேட்டில் இப்படி ஒரு வரி வந்துவிட்டது: “மாஸ்டரை மாற்றினால் கட்டத்தில் உள்ள எழுத்தும் மாறும், கட்டத்தில் உள்ள எழுத்து மாறாது.” என் வீட்டுக்காரர் படித்துவிட்டு விடுகதையா என்று கேட்கிறார்.

பரமசிவம் எழுதியது:

அம்மா செல்வி, நல்ல வினா. இந்தக் கருத்து நமக்குப் புதிதே அன்று. தேமா, புளிமா என்கிறோம். அங்கே மாவும் இல்லை, புளியும் இல்லை. அந்த இடத்தில் இன்ன அளவுள்ள சீர் வரவேண்டும் என்பதற்காக நிறுத்தி வைத்த சொல் அது. வண்ணப் பாடலுக்குச் சந்தக்குழிப்பு எழுதுவார்கள், ‘தனதன தானன’ என்று. புலவன் பிறகு வந்து சொல்லை அதில் வார்ப்பான். இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ஆகவே ‘குழிப்பு’ என்று வையுங்கள். குழி, குழிசி, குழல் எல்லாம் உள்ளீடற்றது என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. குழந்தை என்பதையும் அதனோடு சேர்ப்பார் உண்டு, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ரமேஷ் எழுதியது:

எதற்கு இவ்வளவு? பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டால் எதுவும் கலையாது. நான் கீநோட்டில்தான் எல்லாம் செய்கிறேன், வாடிக்கையாளருக்குப் பிடிஎஃப்தான் போகும். இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

செல்வி எழுதியது:

ரமேஷ் சார், பிடிஎஃபில் இதயம் துடிக்காதே. 11-ஆவது ஸ்லைடில் வீடியோ இருக்கிறது, 14-இல் இரத்தம் ஓடும் வழி அம்புக்குறியாக நகரும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு. ஐயா, ‘குழிப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கணித ஆசிரியர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன், ‘கழிப்பு’ என்று காதில் விழுந்து எதைக் கழிக்கவேண்டும் என்று கேட்டார்.

கதிர் எழுதியது:

அக்கா, சொல் தேடும் முன் அந்தப் பொருள் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். pptx கோப்பு வெறும் ஜிப்தான். ஒன்பதில் ஒரு ஸ்லைடைப் பிரித்தால் தலைப்பு இப்படித்தான் இருக்கும்:

```
<p:nvPr><p:ph type="title"/></p:nvPr>
...
<p:spPr/>
```

கடைசி வரியைப் பாருங்கள், காலி. இந்தத் தலைப்பு திரையில் எங்கே நிற்கவேண்டும் என்பது ஸ்லைடில் எழுதப்படவே இல்லை. “நான் தலைப்பு, என் இடத்தை லேஅவுட்டில் பார்த்துக்கொள்” என்று மட்டும் சொல்கிறது. நீங்களே வரைந்த பெட்டியில் `ph` இருக்காது, அதற்குப் பதில் இது இருக்கும்:

```
<a:off x="838200" y="365125"/>
```

ஒரு செ.மீ.க்கு 3,60,000 என்று கணக்கு. ஆகவே அது இடப்பக்கத்திலிருந்து சுமார் 2.3 செ.மீ. தள்ளி நிற்கும், யார் எந்த மென்பொருளில் திறந்தாலும் அங்கேதான். முன்னது பந்தியில் போட்ட இலை மாதிரி, பந்தியை நகர்த்தினால் இலையும் நகரும். பின்னது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பவர். நம் சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டும், அவ்வளவுதான் தேவை.

என் பரிந்துரை ‘இடம்பிடிப்பான்’. பஸ் சீட்டில் துண்டு போட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

ரமேஷ் எழுதியது:

அப்படியானால் கையில் தட்டு வைத்திருப்பவர்தானே பாதுகாப்பு? எல்லாவற்றையும் டெக்ஸ்ட் பாக்ஸாகவே போடச் சொல்லிவிடுங்கள், சொல்லும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

கதிர் எழுதியது:

பாதி சரி. இடம் மாறாது, உண்மை. ஆனால் அக்கா வீட்டில் `Latha` எழுத்துருவில் செய்கிறார், ஆய்வகத்தில் அது இல்லை. லினக்ஸ் தன்னிடம் உள்ள வேறு தமிழ் எழுத்துருவைப் போடும், ஒவ்வோர் எழுத்தின் அகலமும் மாறும், ஒரு வரி இரண்டாகும், கீழே உள்ள படத்தின் மேல் ஏறும். அப்போது எழுத்தளவை 28-லிருந்து 24 ஆக்கவேண்டும் என்றால் ஒன்பது ஸ்லைடுக்கு மாஸ்டரில் ஒருமுறை மாற்றினால் போதும். பதின்மூன்றுக்கு ஒவ்வொன்றாக உட்காரவேண்டும். இரு பக்கமும் `Noto Sans Tamil` நிறுவிக்கொண்டு அதிலேயே செய்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அதைக் கையேட்டின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: பவர்பாயிண்ட்டில் `View → Outline View` போங்கள். இலையில் பரிமாறிய எழுத்து மட்டும் அங்கே வரிசையாகத் தெரியும். தட்டில் உள்ளது வராது.

இன்னொன்று. இம்பிரெஸ்ஸில் லேஅவுட்டுகள் எண்ணி வைத்தவை, நாமே புதிதாக ஒன்று செய்ய முடியாது. பவர்பாயிண்ட்டில் நீங்களாக மூன்று படம், நாலு எழுத்துப் பெட்டி என்று லேஅவுட் வரைந்திருந்தால், அங்கே போனதும் கூடுதல் இலைகள் தட்டாகிவிடும். தலைப்பு, ஒரு உள்ளடக்கம் போன்ற சாதாரண லேஅவுட்டுகள்தான் முழுசாகப் போய்ச் சேரும்.

நவநீதன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். நாங்கள் ஸ்லைடை ‘வில்லை’ என்போம், அந்த வாதத்தை இப்போது தொடங்கவில்லை. ‘இடம்பிடிப்பான்’ எனக்குச் சரியாகப் படவில்லை. ‘-ஆன்’ விகுதி வந்தால் ஆள் ஒருவர் நிற்கிற மாதிரி இருக்கு. அதோடு அந்தப் பெட்டி எதையும் பிடிக்கவில்லை, லேஅவுட் அதற்கு இடம் ஒதுக்கித் தருகிறது. ஆகவே ‘ஒதுக்கிடம்’. சின்னச் சொல், சொன்னவுடன் விளங்கும்.

பரமசிவம் எழுதியது:

நவநீதன் தம்பி, வடிப்பான், குறிப்பான் எல்லாம் கருவிப் பெயராக வழங்குகின்றனவே, அதனால் ‘-ஆன்’ குற்றமன்று. ஆனால் ‘ஒதுக்கிடம்’? எங்கள் ஊரில் ‘ஒதுங்கப் போவது’ என்றால் வேறு. வகுப்பில் ஒரு பையன் சிரித்தால் போதும், பாடம் போச்சு.

மேலும் கதிர் எழுதியது ‘இடம்பிடிப்பான்’ ஆகுமா, ‘இடப்பிடிப்பான்’ ஆகுமா? மரம் + பலகை மரப்பலகை. ஆயினும் இங்கே இரண்டாம் வேற்றுமைத் தொகை, ‘இடம்பிடித்தான்’ என்று வினை வழக்கும் உண்டு, மெலிந்தே நிற்கலாம் என்பது என் துணிபு. மறுப்போர் மறுக்க.

செல்வி எழுதியது:

ஐயா, மறுக்க நேரமில்லை, நாளைக்கு வியாழன்.

இதற்கு நடுவில் வேறொரு சோதனை. வீடியோ வீட்டில் ஓடியது, ஆய்வகத்தில் கறுப்புப் பெட்டி மட்டும் தெரிகிறது. கையேட்டில் வீடியோ ‘உட்பொதிந்து’ இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறேன், என்னுடையதே பொதியவில்லை போல.

ரமேஷ் எழுதியது:

இது எனக்கு நடந்திருக்கிறது. வீடியோவையும் பாடத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு பென்டிரைவில் கொண்டுபோங்கள், ஓடும்.

கதிர் எழுதியது:

பவர்பாயிண்ட்டிலிருந்து பவர்பாயிண்ட்டுக்குப் போனால் ரமேஷ் அண்ணன் சொல்வது சரி, பக்கத்திலேயே இருந்தால் தேடி எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் நம்ப முடியாது. அக்கா, இதைப் போட்டுப் பாருங்கள்:

```
unzip -l idhayam.pptx | grep media
```

வரும் பட்டியலில் mp4 இல்லாமல் png, jpeg மட்டும் இருந்தால் வீடியோ கோப்புக்குள் இல்லை.

செல்வி எழுதியது:

png மட்டும்தான். `slide11.xml.rels` என்பதைத் திறந்து பார்த்தேன், இது இருந்தது:

```
Target="file:///D:\videos\heart.mp4" TargetMode="External"
```

கதிர் எழுதியது:

அதுதான். உங்கள் வீட்டு டி டிரைவின் முகவரி. ஆய்வகத்துக்கு டி டிரைவே கிடையாது. வீடியோவை நீக்கிவிட்டு `Insert → Video → This Device` போய், `Insert` பொத்தானின் பக்கத்து அம்பில் `Link to File` இல்லாமல் வெறும் `Insert`-ஐத் தேர்ந்தெடுங்கள். கோப்பு கனமாகும், அதுவே நல்ல அடையாளம். பிறகும் ஓடவில்லை என்றால் அந்த mp4-ஐ மட்டும் தனியாக ஆய்வகக் கணினியில் திறந்து பாருங்கள். அங்கேயும் ஓடாவிட்டால் குறை பாடத்தில் இல்லை, அந்தக் கணினியில் கோடெக் இல்லை என்று பொருள். `gstreamer1.0-libav` நிறுவச் சொல்லுங்கள்.

பரமசிவம் எழுதியது:

உட்பொதி என்பதில் ‘உள்’ மிகை. பொதிதல் என்றாலே உள்ளே வைத்தல்தான். பொதிசோறு என்கிறோம், உட்பொதிசோறு என்பதில்லை. கட்டுச்சோறு கொண்டுபோனால் பொதி, போகிற ஊரில் கிளப்புக்கடை இருக்கும் என்று நம்பிப் போனால் தொடுப்பு.

செல்வி எழுதியது:

கட்டுச்சோறு கையேட்டில் ஏறிவிட்டது ஐயா, நன்றி. கோப்பு 3 எம்பியிலிருந்து 41 ஆனது, வீடியோ ஓடுகிறது.

14-ஆவது ஸ்லைடு மட்டும் இன்னும் சரியில்லை. அம்புக்குறி நகரவில்லை, படம் மங்கி அடுத்த படம் வருகிறது. நான் `Morph` போட்டிருந்தேன்.

கதிர் எழுதியது:

அது அப்படித்தான். `Morph` தெரியாத மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்று கோப்பிலேயே பக்கத்தில் `mc:Fallback` என்று எழுதியிருக்கும், உள்ளே `fade`. இம்பிரெஸ் அதை எடுத்துக்கொள்கிறது. அம்புக்குறிக்கு `Motion Paths` போட்டு நகர்த்துங்கள், அது போய்ச் சேரும். அங்கே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நேரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

நவநீதன் எழுதியது:

`Fallback` என்பதற்குத் தமிழ்?

செல்வி எழுதியது:

வேண்டாம் நவநீதன், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ‘ஒதுக்கிடம்’ மூன்று பேர், ‘இடம்பிடிப்பான்’ இரண்டு பேர், ‘குழிப்பு’ ஐயா மட்டும். ‘ஒதுக்கிடம்’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வரைந்த பெட்டிக்கு ‘எழுத்துக்கட்டம்’. இன்று ஆய்வகத்தில் ஆறு ஆசிரியர்களுக்குக் காட்டினேன். ஐந்து பேர் ‘கிளிக் டு ஆட் கட்டம்’ என்றே சொன்னார்கள். ஒருவர் மட்டும் ‘இலை’ என்றார், அது கதிரின் உவமையை நான் சொன்னதால் வந்தது.

பரமசிவம் எழுதியது:

அச்சுக்குப் போனது போகட்டும். ‘ஒதுக்கிடம்’ வினைத்தொகையா? ‘ஒதுக்கு’ இங்கே பிறவினை ஆகையால் ஒதுக்கிய இடம், ஒதுக்குகின்ற இடம், ஒதுக்கும் இடம் என மூன்று காலமும் விரியவேண்டும். ஒதுக்கிவிட்ட இடத்துக்கு எதிர்காலம் ஏது? இது பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.