சாவியைத் திருப்பிய அந்த நொடி

வியாசர்பாடிவாசி

மிக்ஜாம் வந்த 2023 டிசம்பர். எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது என்று சொன்னால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் கார் வாசலில் நின்றிருந்தது. பெட்ரோல் வண்டி, ஆறு வயது. தண்ணீர் பானெட் விளிம்பு வரை ஏறி, மூன்றாம் நாள் காலையில் வடிந்துவிட்டது. மேலே வெயில். சேற்றைக் கழுவிய பிறகு வண்டி பார்வைக்குப் பழையபடிதான் இருந்தது.

அக்காள் கணவர் வந்திருந்தார். “ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார், மாப்பிள்ளை. தண்ணீர்தான் வடிந்துவிட்டதே” என்றார். திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி திருப்பினேன். இந்த முறை பற்றிக்கொண்டது. ஐந்து நொடி திக்கித் திக்கி ஓடியது, நாங்கள் இருவரும் சிரித்தோம். அதற்குள் உள்ளே யாரோ சுத்தியலால் அடித்தது போல ‘டங்’. நின்றுவிட்டது.

பட்டறையில் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் என்னிடம் அதிகம் பேசவில்லை. பிஸ்டனை எஞ்சினின் சுழல்தண்டோடு இணைக்கும் நான்கு கனெக்டிங் ராடுகளையும் கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைத் தள்ளிக் காட்டினார். அது லேசாக வளைந்திருந்தது. “சார், நின்ற வண்டியில் இது வளையாது. எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தீர்கள்?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். இருக்கை, தரைவிரிப்பு, ஒயரிங் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. எஞ்சினுக்கு ஆன 1,40,000 ரூபாய் என் கையிலிருந்து போனது. வெள்ளம் வராமல் இருந்தால் ராடு வளைந்திருக்குமா? அப்படியானால் காரணம் வெள்ளமா, என் விரலா? இதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டேரி 72

இதெல்லாம் காப்பீட்டுக்காரர்களின் சாக்கு. என் வண்டியும் அதே மழையில் மூழ்கியது. நான் மூன்று நாள் பானெட்டைத் திறந்து வெயிலில் காயவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்தேன். இன்றுவரை ஓடுகிறது. தண்ணீர் சைலன்சர் வழியாகத்தான் எஞ்சினுக்குள் போகும். பின்பக்கம் மேடாக நிறுத்தினால் பிரச்சினையே இல்லை. நீங்கள் அவசரப்பட்டீர்கள், அதுதான் தவறு. முழுக் காப்பீடு எடுத்தவனுக்கு எஞ்சின் மட்டும் கிடையாது என்று சொல்வது என்ன நியாயம்?

மாதவரம் பட்டறை

ஓட்டேரி அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஸ்டார்ட் செய்யாமல் காத்திருந்தது சரி. வெயிலில் காயவிட்டதால் வண்டி பிழைத்தது என்பது சரியில்லை. உங்கள் வண்டியில் தண்ணீர் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறவில்லை, அதனால் பிழைத்தது. பானெட்டைத் திறந்து வைத்தால் சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடாது. உள்ளேயே கிடந்து சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரு வாரம் அப்படிக் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டதை நான் கடப்பாரை கொண்டு விடுவித்திருக்கிறேன். சைலன்சர் வழியாகவும் கொஞ்சம் வரலாம், ஆனால் எஞ்சின் ஓடும்போது தண்ணீரை உறிஞ்சுவது காற்று நுழையும் குழாய்தான். அது பெரும்பாலான வண்டிகளில் முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வியாசர்பாடித் தம்பிக்கு நடந்தது இதுதான். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது அதன் தலைக்கு மேல் மிச்சம் இருக்கும் இடம் மிகச் சிறியது. 1,200 சிசி பெட்ரோல் வண்டியில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 30 மில்லி. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் கொள்ளும் அளவு. டீசல் வண்டியில் அதைவிடவும் குறைவு. காற்றை அந்த இடத்துக்குள் நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. முதல் தடவை ‘டக்’ என்று நின்றது, செல்ஃப் மோட்டாரால் அதைத் தள்ள முடியாததால். அந்த அளவில் நின்றிருந்தால் ராடு அநேகமாகத் தப்பித்திருக்கும். இரண்டாம் தடவை மற்ற சிலிண்டர்கள் எரிந்து, அந்த வேகத்தில் ஃபில்டர் பெட்டியில் தங்கியிருந்த தண்ணீரையும் இழுத்தது. மூன்று சிலிண்டரின் பலம் சேர்ந்து நான்காவதின் ராடை வளைத்துவிட்டது.

ஆகவே சர்வேயர் பொய் சொல்லவில்லை. எஞ்சின் சுழலாமல் ராடு வளைய வழியே இல்லை. எஞ்சினின் தலையைக் கழற்றாமலேயே கண்டுபிடிக்கலாம்: ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்தால், வளைந்தது மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். நம் ஆட்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று: கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் எஞ்சின் சுழலும். கயிறு கட்டி இழுக்கும்போது கியரில் இருந்தாலும் அதே கதைதான்.

கணேசபுரம் பக்கம்

எனக்கும் இதே அனுபவம். சுரங்கப்பாதையில் முன்னே போன பஸ்ஸின் பின்னாலேயே போனேன். பஸ் ஒரு அலையைக் கிளப்பியது, என் வண்டி நடுவிலேயே இருமி நின்றது. போலீஸ்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “அம்மா, இறங்கி வாங்க, வண்டி எங்கேயும் போகாது” என்று சொன்னதை மறக்கவே முடியாது. எனக்குக் காப்பீடு முழுவதும் வந்தது, எஞ்சின் உட்பட. அதனால் உங்களுக்கு ஏன் வரவில்லை என்று புரியவில்லை.

மாதவரம் பட்டறை

அக்கா, உங்களுடையது ஓடிக்கொண்டிருந்த வண்டி, அவருடையது நின்றுகொண்டிருந்தது. உங்கள் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்திருக்கும். அது இருந்தால் தண்ணீர் புகுந்து எஞ்சின் பூட்டிக்கொண்ட செலவும் சேரும். பழைய வண்டிக்கு அதைத் தர மறுப்பார்கள்.

கணேசபுரம் பக்கம்

பார்த்தேன், இருக்கிறது. ஷோரூமில் அந்தப் பையன் கேட்காமலேயே சேர்த்துவிட்டான் என்று அன்று சண்டை போட்டேன். பாவம்.

எண்ணூர் மணல்

எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு. மிக்ஜாம் தண்ணீரோடு எங்கள் பக்கம் எண்ணெயும் வந்தது நினைவிருக்கும். வடிந்த பிறகு வீட்டுச் சுவரிலும் காரிலும் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு. வழுவழுவென்று, சோப்புக்கும் அசையாத கோடு. என் கணவர் துடைக்கப் போனார். நான் விடவில்லை. வண்டிக்கு நேரே மகனின் பள்ளி ஸ்கேலை நிறுத்தி, நம்பர் பிளேட் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் நடுவிலும் அந்தக் கோடு இருந்தது.

சாவியை யாரும் கையில் எடுக்கக் கூடாது என்று மாமியாரின் சுருக்குப்பையில் போட்டுவிட்டேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையை மட்டும் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் கழற்றிக் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே போன் செய்து கிளைம் எண் வாங்கினேன். லாரி வர ஐந்து நாள் ஆயிற்று, ஊரெல்லாம் வண்டிகள் மூழ்கியிருந்தன அல்லவா. வந்தவர் சக்கரத்தை உருட்டி இழுக்கப் பார்த்தார். நான் தட்டு லாரிதான் வேண்டும், வண்டி நியூட்ரலில்தான் ஏற வேண்டும் என்றேன். பட்டறையில் பிளக்குகளைக் கழற்றியபோது இரண்டு சிலிண்டரிலிருந்து கலங்கிய தண்ணீர் பீச்சியடித்தது. ராடு நேராகவே இருந்தது. எஞ்சினைக் கழுவிச் சேர்த்த கூலி வந்தது. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் எங்கள் செலவு. கூடுதல் காப்பு எதுவும் என்னிடம் இல்லை.

ஓட்டேரி 72

அப்படியானால் ஐந்து நாள் தண்ணீர் உள்ளே கிடந்ததே, துருப்பிடிக்கவில்லையா? மாதவரம் தம்பி சொன்ன கணக்குப்படி பிடித்திருக்க வேண்டும்.

மாதவரம் பட்டறை

பிடித்திருக்கும், லேசாக. எண்ணெய் கலந்த தண்ணீர் என்பதால் குறைந்திருக்கலாம், அது என் ஊகம். அதனால்தான் சொல்கிறேன், சர்வேயர் வரும்வரை கை வைக்காதே என்று பட்டறையில் சொன்னால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடிக்க மட்டும் அனுமதி கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். வடித்ததை வீடியோ எடுங்கள். எஞ்சினைப் பிரிப்பது வேறு, தண்ணீரை வடிப்பது வேறு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். அதையும் படம் எடுத்து வையுங்கள். மின்சார வண்டி, ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பேட்டரிப் பக்கமே போக வேண்டாம்.

கொடுங்கையூர் வக்கீல் வீடு

என் கதை இரண்டு வரி: வண்டி மூழ்கியது, மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தது, ஒரு காசு வரவில்லை.

வியாசர்பாடிக்காரருக்குத்தான் எழுதுகிறேன், அவர் கேட்கவில்லை என்றாலும். உங்கள் பாலிசியை எடுத்து நிபந்தனைகள் பகுதியைப் படியுங்கள். விபத்துக்குப் பிறகு வண்டியை மேலும் சேதமாகாமல் பாதுகாக்க வேண்டும் என்றும், பழுது நீக்கும் முன் ஓட்டினால் கூடும் சேதம் உங்கள் பொறுப்பு என்றும் ஒரு வாசகம் இருக்கும். விளைவாக வந்த இழப்புக்குப் பொறுப்பில்லை என்று இன்னொன்று விலக்குகளில் இருக்கும். மறுப்புக் கடிதத்தில் எதைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் வாசகத்தைக் காட்டியிருந்தால் கேட்க இடமிருக்கிறது: அதில் இருப்பது ‘ஓட்டினால்’, நீங்கள் ஓட்டவில்லை, வாசலிலேயே நின்றது. இரண்டாவதைக் காட்டியிருந்தால் கடினம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டில் விடுங்கள். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைப் பார்த்து நாம் சிரித்தோம். இப்போது யார் சிரிப்பது?

மாதவரம் பட்டறை

வக்கீல் சார், ‘ஓட்டவில்லை, ஸ்டார்ட் மட்டும்தான் செய்தேன்’ என்ற வாதம் எங்கேயாவது நின்றிருக்கிறதா? கேட்கிறேன், கிண்டல் இல்லை. என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் இதே நிலையில் இருக்கிறார்கள்.

கொடுங்கையூர் வக்கீல் வீடு

வக்கீல் என் அண்ணன், நான் இல்லை. அவரைக் கேட்டுச் சொல்கிறேன்.

வியாசர்பாடிவாசி

மறுப்புக் கடிதத்தை இப்போதுதான் தேடி எடுத்தேன். இரண்டு வாசகமும் இருக்கிறது. தேதியைப் பார்த்தால் ஓராண்டு எப்போதோ தாண்டிவிட்டது.

அந்த ராடு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, செருப்பு அலமாரியின் மேல். மாமா வரும்போதெல்லாம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். “இவ்வளவுதானா வளைந்தது?” என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கிறார்.